நான் வெட்டிய இரண்டு வரிகள்

எனக்கு அப்போது வாய்க்கொழுப்பு அதிகம். தொண்ணூறுகளின் நடுவில், அடையாறில் ஒரு வீட்டு மாடியில் இயங்கிய சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். லிஃப்ட்டுகளை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டுகளைத் தயாரித்தோம். சி மொழியில் எழுதுவதைக் கம்பைலர் என்ற மென்பொருள் எப்படிச் சிப்பின் கட்டளைகளான அசெம்பிளியாக மாற்றுகிறது என்று வரிக்கு வரி படிக்கத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். அதை அடிக்கடி சொல்லியும் காட்டுவேன்.

பக்கத்து மேஜைக்காரர் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அடையாற்றங்கரைக் குடிசைகளில் வளர்ந்து, இன்ஜினியரிங் முடித்து வந்தவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அவர் வீடு இருந்தது. தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றின் லிஃப்ட்டுக்கான புரோகிராமை அவர்தான் எழுதினார்.

எழுதி முடித்தபோது, அது சிப்பில் அடங்காமல் அறுபது பைட் வெளியே நின்றது. "டபுள் சைஸ் சிப் அலமாரியிலயே கீது மேடம், அத்த போட்டுடலாம்" என்றார்.

"அதெல்லாம் வேண்டாம். நான் அடக்கித் தரேன்" என்றேன். எல்லாம் திமிர்தான்.

கம்பைலரை அசெம்பிளியோடு நிறுத்தச் சொல்லி, அந்த ஃபைலில் நேரடியாகக் கை வைத்தேன். அவர் நிறைய 'சுவிட்ச்' கட்டளைகள் எழுதியிருந்தார். எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்று பிரிக்கும் சுவிட்ச்சைக் கம்பைலர் இப்படி மாற்றியிருந்தது:

mov bx, ax
dec bx
cmp bx, 7
ja default
shl bx, 1
jmp cs:table[bx]

பட்டனின் எண் ஒன்றிலிருந்து எட்டு வரை. அதில் ஒன்றைக் கழித்தால் பூஜ்யம் முதல் ஏழு. ஏழைத் தாண்டினால், தப்பான எண்ணுக்கென்று அவர் எழுதிய default பகுதிக்குப் போய்விடும். தாண்டாவிட்டால் எண்ணை இரட்டிப்பாக்கும், ஏனென்றால் ஒவ்வொரு முகவரிக்கும் இரண்டு பைட். பிறகு table என்ற அட்டவணையில் அந்த இடத்தில் இருக்கும் முகவரிக்கு நேரே தாவும். ஒவ்வொரு கேஸாக, அதாவது ஒவ்வொரு எண்ணாக, ஒப்பிட்டுக்கொண்டே போகும் வேலை கிடையாது.

ஏழைத் தாண்டியதா என்று பார்க்கும் cmp, ja இரண்டும் சேர்ந்து ஐந்து பைட். 'இருப்பது எட்டு எண்கள்தான், ஒன்பது எங்கிருந்து வரப்போகிறது' என்று அந்த இரண்டு வரிகளையும் அடித்தேன். இதே மாதிரி பன்னிரண்டு இடங்களில் அடித்ததும் புரோகிராம் கச்சிதமாகச் சிப்பில் உட்கார்ந்தது. அவரிடம் விவரம் சொல்லவில்லை. "அடங்கிடுத்து" என்று மட்டும் சொன்னேன்.

ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமை, கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். இரண்டாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே பதினொரு பேர். ஒரு கர்ப்பிணி மயங்கி விழுந்தார். அரை மணி கழித்துத்தான் அவர்களை வெளியே எடுக்க முடிந்தது.

திங்கட்கிழமை முதலாளி எல்லோர் முன்னாலும் பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டார். "தப்பான நம்பர் வந்தா என்ன செய்யணும்னு யோசிச்சியா?"

"default எழுதிருக்கேன் சார். எதுவும் செய்யாம விட்டுடும்."

மேஜையில் பெரிய சிப் போட்டிருந்த போர்டில் அதை ஓட்டியும் காட்டினார். எந்தத் தப்பான எண்ணுக்கும் அது அசையவில்லை. அசையாதுதான். அவர் தன் சி ஃபைலிலிருந்து நேராகக் கம்பைல் செய்து ஓட்டினார். கடையில் இருந்ததோ நான் வெட்டிய அசெம்பிளி. "இங்க ஓடுதுன்னு சொல்றது ஒரு பதிலா?" என்று முதலாளி கத்திவிட்டுப் போனார். எனக்கு அந்த நொடியே விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் நீளமான பிரிண்ட் அவுட்டோடு என்னிடம் வந்து உட்கார்ந்தார். "இதுல எங்க தப்புனு நீங்கதான் பார்த்துச் சொல்லணும் மேடம்." அது அவருடைய கம்பைலர் தந்த சுத்தமான பிரதி. என் வெட்டு அதில் இல்லை.

நான் அதை வரிவரியாக விளக்கினேன். "ஆறாம் நம்பருக்கு நான் கேஸே எழுதல, ஆனா டேபிள்ல ஆறாவது இடம் கீதே?" என்று கேட்டார். நடுவில் விட்டுப்போன இடத்தைக் கம்பைலர் default-இன் முகவரியால் நிரப்பிவிடும் என்றேன். பூஜ்யம் வந்தால் என்று கேட்டார். ஒன்றைக் கழித்ததும் அது அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சமாகிவிடும். ja பிளஸ், மைனஸ் குறி பார்க்காமல் ஒப்பிடுவதால் அதுவும் ஏழைத் தாண்டியதாகி default-க்கே போய்விடும் என்றேன். நான் சொன்னது அத்தனையும் சரி. அந்த ஒரு மணி நேரத்தில் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்.

"அப்ப எம்மேல தப்பு இல்லியே" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"பார்க்கலாம்" என்றேன்.

மறுநாள் அவர் கடையிலிருந்து சிப்பைக் கழற்றிக்கொண்டு வந்து, உள்ளே இருந்த பைட்டுகளை அச்செடுத்து, தன் பிரதியோடு ஒப்பிட்டிருக்கிறார். இரண்டு தாளையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பட்டன் சுவிட்ச் வரும் இடத்தில், ஒன்றில் அந்த ஐந்து பைட் இருந்தது. இன்னொன்றில் இல்லை.

"நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா. எட்டுக்கு மேல எண் வராதுன்னு நெனச்சேன்."

"லிஃப்ட் ஓட்டுறவர் கதவு மூடுற பட்டன்ல விரல் வச்சிருக்கார், அது எட்டு. பின்னாடி நிக்கிறவங்க கைய நீட்டி மூணு அமுக்குறாங்க. ரெண்டும் சேந்து பதினொண்ணுனு உள்ள போவுது. எட்டு இடம் இருக்குற டேபிள்ல பதினொண்ணாவது இடத்தப் பாத்தா இன்னா கிடைக்கும்? அதுக்குப் பின்னாடி கிடக்குற வேற எதையோ முகவரினு நெனச்சி அங்க போயிருக்கு." அவர் குரல் உயரவே இல்லை. "எங்க ஏரியால தண்ணி லாரி வந்தா ஒருத்தர் ஒருத்தரா கொடம் வைப்பாங்கனு நெனச்சிக்கினு இருந்தீங்களா மேடம்? நான் அத்த பாத்து வளந்தவன். அதனாலதான் default போட்டேன்."

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் கிணறு இருந்தது. தண்ணீர் லாரியின் பின்னால் நான் ஒரு நாளும் நின்றதில்லை. 

"சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

அன்று மதியமே போய்ச் சொன்னேன். முதலாளி எழுந்து அறைக்கதவைச் சாத்தினார். "நேத்து சாயங்காலம்தான் கடைக்காரர்கிட்ட பேசினேன். எழுதினவனை வேலையை விட்டே எடுத்தாச்சுன்னு சொல்லித்தான் அவர் சமாதானமானார். இப்ப போய் இன்னொருத்தர் தப்புன்னு எப்படிச் சொல்றது? அவனுக்கு வேற எங்கயாவது கிடைக்கும். நீ இல்லாம இங்க முடியாது. விடு."

செவ்வாய் காலையிலேயே நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பேச்சே நடந்திருக்காது. அது எனக்குத் தெரிந்தது. அதைவிட மோசம், முதலாளி 'விடு' என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்ததுதான். இதை எழுதவே கூசுகிறது. பக்கத்து மேஜைக்காரர் வெள்ளிக்கிழமை வேலையை விட்டுக் கிளம்பினார். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. நான் வேலையை விடவில்லை.

அடுத்த வாரம் அவருடைய சி ஃபைலை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் கம்பைல் செய்து, அலமாரியில் இருந்த பெரிய சிப்பில் ஏற்றி, தி. நகர் கடைக்கு நானே எடுத்துப்போனேன். கடை திறக்கும் முன் லிஃப்ட்டுக்குள் நின்று மூன்றையும் எட்டையும் ஒன்றாக அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. கையை எடுத்துவிட்டு மூன்றை மட்டும் அமுக்கியதும் ஒழுங்காக மூன்றாவது மாடிக்குப் போனது.

கூட வந்த லிஃப்ட் ஆபரேட்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இப்ப நல்லா கீது மேடம். மின்ன எழுதுனவர வேலைய வுட்டே தூக்கிட்டாங்களாமே?"

"ஆமா."

"தூக்கத்தான் வேணும். பதினோரு உசுரு. நீங்களாவது கரீட்டா எழுதிக் குடுத்தீங்களே" என்றார்.

கதவு திறந்தது. நான் வெளியே வந்தேன்.