தலை ஒன்று, உடல் இரண்டு

மாலை நாலு மணிக்குத்தான் சிக்கல் தொடங்கியது. பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாண பேனருக்காக, மணப்பெண்ணின் முழு உருவப் புகைப்படத்தைப் பெரிய தலையும் குட்டி உடலுமான 'சிபி' கார்ட்டூன் படமாக என் மகள் வரைந்திருந்தாள். அவளுடைய முதல் ஆர்டர். தலையும் உடலும் ஒரே உயரம். பட்டுப்புடவையின் புட்டாப் பூக்களையும் விடாமல் திணித்திருந்தாள். மணப்பெண் பூப்போட்ட பாவாடை கட்டிய குழந்தைபோல் நின்றாள்.

"குழந்தைக்கா கல்யாணம்னு கேப்பாங்க, பாப்பா."

"பயமுறுத்தாதம்மா."

உடலைத் தலையின் இரண்டு மடங்காக நீட்டினாள். புட்டாக்களை அழித்து, அகலமான கரையையும் நாலு கொசுவத்தையும் மட்டும் விட்டாள். இப்போது அது புடவை.

மணப்பெண்ணின் அம்மா வந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"கரையப் பாத்ததுமே தெரியுதுங்க, நாங்க எடுத்த சீலைதான். இப்படியே பிரிண்டுக்குக் குடுத்துருங்க."