மழையில் கத்தும் பிரேக்

பால் பாக்கெட் போடும் அக்காவின் சைக்கிள் மழை பெய்தால் காதைக் கிழிக்கும். பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. தெருவே திட்டியதால் ஒருநாள் என் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரேக் கட்டை கண்ணாடி மாதிரி வழுவழுத்திருந்தது. ரிம்மும் தேய்ந்து குழிந்திருந்தது. ரிம்மை மாற்றி, கட்டையை உப்புத்தாளில் தேய்த்து, அதன் முன்முனை முதலில் தொடும்படி லேசாகச் சாய்த்துப் பூட்டினேன். அப்படிப் பூட்டினால் சத்தம் வராது.

ஒரு மழை போனதும் அக்கா திரும்பி வந்தார்.

“பிரேக் பிடிக்கலையா?” என்றேன் எரிச்சலாக. என் வேலையில் குறையா?

“நல்லா பிடிக்குது தம்பி. ஆனா கொஞ்சம் சத்தம் வர்ற மாதிரி வச்சுக் குடேன்.”

“மூளை கெட்டுப்போச்சாக்கா?”

“முன்னாடி ஜன்னலத் திறந்து, ‘சனியனே, வந்துட்டியா’ன்னு திட்டுவாங்க. இப்ப நான் வந்ததும் போனதும் யாருக்குமே தெரியல. வீட்லயும் பேச ஆள் இல்ல.”

ஸ்பேனரை எடுத்தேன். கட்டையின் சாய்வை எதிர்ப்பக்கம் துளி திருப்பி, பின்முனை முதலில் தொடும்படி பூட்டினேன். பிரேக் பிடிக்கும், ஈரம் பட்டால் கத்தவும் செய்யும்.

அடுத்த தூறலில் அந்தக் கத்தல் கேட்டது. ஜன்னல்கள் படபடவெனத் திறந்தன. நானும் கடையை விட்டு இறங்கி, வாய் வலிக்கத் திட்டினேன்.