பெரிய எழுத்து மரியாதை

குற்றாலத்து விடுதி ஒன்றில் வரவேற்பு வேலை பார்த்தேன். பிரெஞ்சு தெரியும் என்பதால் பாரிஸ் பயணக்குழுத் தலைவிக்கு நான்தான் மின்னஞ்சல் எழுதிவந்தேன். கடைசி அஞ்சலில் கொண்டுவர வேண்டிய பொருட்களைப் புள்ளியிட்டும், செங்கோட்டை ஸ்டேஷனிலிருந்து வரும் வழியை 1), 2), 3) என்று எண்ணிட்டும் எழுதினேன். பிரெஞ்சு வழக்கப்படி ஒவ்வொரு வரியும் கேப்பிடல் இல்லாமல் சின்ன எழுத்தில் தொடங்கி, ஓர் இடைவெளி விட்டு அரைப்புள்ளியில் முடிந்தது. கடைசி வரிக்கு மட்டும் முற்றுப்புள்ளி.

முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, எல்லாம் சின்ன எழுத்தா கெடக்கு? வெள்ளக்காரிக்கு மரியாத வேண்டாமா?"

"அவங்க வழக்கம் அதுதான் அண்ணாச்சி."

"எனக்கே சொல்லித் தாரியோ? எந்திரி."

பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாதவர் உட்கார்ந்து திருத்தினார். சில வரிகளைப் பெரிய எழுத்தாக்கினார், சிலவற்றை மறந்தார். ஒரு வரிக்கு முற்றுப்புள்ளி, அடுத்ததற்குக் காற்புள்ளி, குளிக்கத் துண்டு கொண்டுவரச் சொன்ன வரிக்கு மூன்று ஆச்சரியக்குறி. எண்கள் அழகாக இல்லையென்று நட்சத்திரம் போட்டு வழியைக் கலைத்து அடுக்கி, அனுப்பியும்விட்டார்.

மறுநாள் பதில் வந்தது. அதுவும் பட்டியல்தான். சின்ன எழுத்தும் அரைப்புள்ளியும் பிசகாமல் இருந்தன. சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு தமிழில் வாசித்துக் காட்டினேன்: வழியில் எது முதலில் என்று புரியவில்லை, முன்பு எழுதியவரையே எழுதச் சொல்லவும்.

முதலாளி திரையை உற்றுப் பார்த்தார்.

"பாத்தியா, பெரிய எழுத்தே இல்லாம எழுதுதா. மரியாத தெரியாதவளுக்கு நான் எதுக்கு எழுதணும்? நீயே எழுது."