ஏவுதல் கருத்தாவாக முயன்ற என் சித்தப்பா

பல்கலைக்கழக மொழியியல் துறையில் என் சித்தப்பா அலுவலக உதவியாளர். தபால் பிரிப்பார், அலமாரிச் சாவி வைத்திருப்பார். பதினோரு வருடமாகப் படங்களிலும் நடிக்கிறார். எல்லாம் பத்து நொடிப் படங்கள், சத்தமில்லாதவை. யாரோ அவரைத் தள்ளுவார்கள், விழுவார். யாரோ இழுப்பார்கள், வருவார். வெவ்வேறு மொழிக்காரர்களிடம் அதைப் போட்டுக் காட்டி, "என்ன நடந்தது, உங்கள் மொழியில் சொல்லுங்கள்" என்று பேராசிரியை கேட்பார். ஒருவரை இன்னொருவர் ஒன்றைச் செய்ய வைப்பதை எந்தெந்த மொழி எப்படிச் சொல்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

நாலு வருடம் ஊர்சுற்றித் திரும்பிய எனக்கு அங்கே கேமரா பிடிக்கும் வேலையை வாங்கித் தந்தவர் சித்தப்பாதான். நான் சேர்ந்த வாரத்தில் அவருக்குப் பதவி உயர்வு மாதிரி ஒன்று வந்தது.

"இந்தத் தடவ நான் விழறவன் இல்ல. செய்ய வைக்கிறவன்," என்றார். துறையே அவரை 'ஏவுதல் கருத்தா' என்று கூப்பிட ஆரம்பித்தது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்.

படம் இதுதான்: சித்தப்பா உத்தரவு போட வேண்டும், தோட்டக்காரர் மேஜையைத் துடைக்க வேண்டும். முதல் தடவை எடுத்தபோது சித்தப்பா துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே துடைத்தார். "பாவம், அவர் மட்டும் எப்படித் தனியா" என்றார். நான்காவது தடவையில்தான் கை கட்டி நின்றார்.

பேராசிரியை அப்போது ஆராய்ந்த மொழியில் மூன்று வழி உண்டு. நம் தமிழை வைத்தே சொல்லிவிடலாம். 'ஊட்டினாள்' என்றால் வேலை அவள் கையால் நடந்தது. 'சாப்பிட வைத்தாள்' என்றால் பிள்ளை தானே சாப்பிட்டது, காரணம் அவள். 'சாப்பிடச் சொன்னாள்' என்றால் தட்டு இன்னும் நிறைந்தே இருக்கலாம். அந்த மொழியில் முதலாவதற்கு வினையோடு ஒட்டிய குட்டி விகுதி, இரண்டாவதற்குப் பின்னால் வரும் ஒரு துணைவினை, மூன்றாவதற்கு 'சொல்' என்ற தனி வினை.

பேராசிரியை துணைவினையை எதிர்பார்த்தார். அந்த மொழிக்காரர்கள் ஆறு பேர் படம் பார்த்தார்கள். நான்கு பேர், "ஒருத்தர் மேஜை துடைக்கிறார், பக்கத்தில் ஒருத்தர் நிற்கிறார்" என்றார்கள். ஐந்தாமவர், "நிற்பவர் வழி கேட்கிறார்" என்றார். ஆறாமவர், "மன்னிப்புக் கேட்கிறார்" என்றார்.

"ஏழாவது ஆள் நாளைக்கு வர்றாங்க. அவங்களும் இப்படியே சொன்னா வேற ஆளைப் போட வேண்டியதுதான்," என்று பேராசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மறுநாள் காலை சித்தப்பா புருவத்தை நெரித்துப் பழகிக்கொண்டிருந்தார். நான் கேமராவை ஓடவிட்டு வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியோடு சித்தி உள்ளே வந்தாள். கண்ணாடியை நீட்டினாள். மேஜையில் ஒரு டீக்கறை. சித்தி அதைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா துணியை எடுத்துத் துடைத்தார். சித்தி போய்விட்டாள்.

பேராசிரியை என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். ஓடிப்போய் சித்தியிடம் அனுமதி கேட்டார்.

"என் மூஞ்சி தெரியுதுல்ல? அப்ப காட்டுங்க," என்றாள் சித்தி.

ஏழாவதாக வந்தவள் ஒரு தையற்காரி, தமிழும் தெரிந்தவள். தோட்டக்காரர் படத்தைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சிநேகிதங்க போல. ஒருத்தர் துடைக்கிறாரு" என்பதுதான் அவள் சொன்னதன் பொருள். சித்தப்பாவின் புருவம் இறங்கியது. அடுத்து சித்தியின் படம். தையற்காரி யோசிக்கவே இல்லை. சொன்னாள், அதுவும் துணைவினையோடு அல்ல, குட்டி விகுதியோடு.

"அது கையால செய்ய வைக்கிறதுக்குத்தானே? இந்தம்மா அவரைத் தொடவே இல்லையே," என்றார் பேராசிரியை.

"எதுக்குத் தொடணும்? அவரு கைய இவங்கதான் ஆட்டுறாங்க," என்றாள் தையற்காரி.

பேராசிரியை எழுதித் தள்ளினார். இனி சித்திதான் செய்ய வைப்பவள், சித்தப்பா பழையபடி துடைப்பவர் என்று முடிவானது. சித்தப்பா கொஞ்ச நேரம் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம்," என்றார் தையற்காரியிடம். "நான் கண்ணாடிய மறந்ததாலதான அவ வந்தா? அப்ப, அவ என்னைத் துடைக்க வச்சா. அவளை அப்படிச் செய்ய வச்சது நான். இத உங்க பேச்சுல சொல்ல முடியுமா?"

தையற்காரி விரல்விட்டு எண்ணினாள். 'துடை'யோடு விகுதியை ஒட்டினாள், அதன் பின்னால் துணைவினையைக் கோத்தாள். வார்த்தை ரயில் மாதிரி நீண்டது.

"சொல்லலாம்ண்ணே. ஆனா கேக்குறவங்க நம்ப மாட்டாங்க."

சித்தப்பாவுக்கு அது போதும். அதை ஒரு தாளில் எழுதி வாங்கி, சாயங்காலம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். தாள் சற்றுக் கோணலாக இருந்தது. சித்தி அதைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள்.

சித்தப்பா எழுந்து போய் நேராக்கினார்.