கைப்பிடியும் என் கணவரின் நடையும்

"நடங்க" என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்பதுகளின் நடுவில் ஒன்றரை வருஷம் அந்தச் சொல்லை என் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள்.

என் வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருபது வருஷமாக ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள் நான். ஈசூனில் எங்கள் வீடு நான்காவது மாடியில். அந்தக் காலத்து மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது; ஐந்தில் நிற்கும், நான்கில் நிற்காது. ஐந்தில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி கீழே வருவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். செயற்கை மூட்டு வைத்தால் சரியாகிவிடும் என்றார் எலும்பு டாக்டர். சரி, வையுங்கள் என்றேன். இரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது, இந்த அழுத்தத்தில் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள், முதலில் அதைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

"எப்படி டாக்டர் கொறைக்கிறது?"

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்க. உப்பைக் கொறைங்க. டெய்லி அரை மணி நேரம் வேகமா நடங்க."

நான் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறேன். அவர் என் இடுப்புப் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவைத்துக்கொண்டே இதைச் சொல்கிறார். நடக்க முடியாததால் அறுவை சிகிச்சை வேண்டும். அறுவை சிகிச்சை வேண்டுமென்றால் நடக்க வேண்டும். இதில் எங்கேயோ ஓட்டை இருப்பது ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திய எனக்குத் தெரிகிறது, அத்தனை படித்தவருக்குத் தெரியவில்லை. மாத்திரையை நான் ஒரு வேளைகூட விட்டதில்லை. உப்பைக் குறைத்துக் குழம்பே மருந்தாகிவிட்டது. இரண்டு முறை தேதி கொடுத்து, இரண்டு முறையும் அழுத்தம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

வீட்டில் இன்னொரு கொடுமை. என் கணவருக்கும் அழுத்தம் இருந்தது. துறைமுகத்தில் கணக்கர் வேலை, பெரிய தொப்பை. டாக்டர் சொன்ன அன்றே வெள்ளைக் காலணி வாங்கிவந்து, காலையில் அடுக்குமாடிப் புளோக்குகளைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிட்டார். மூன்றே மாதத்தில் அவருடைய இரத்த அழுத்தத்தின் மேல் எண் இறங்கியது. தொப்பை கரைந்தது, படியேறினால் வந்த இளைப்பும் போனது. நடை வேலை செய்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"மனசு வச்சா முடியும் லா. நீ சோம்பேறித்தனம் பண்ற."

இதைச் சொன்ன அன்று அவருடைய காலணியை எடுத்துக் குப்பைக்குழாயில் போட்டிருப்பேன். குனிய முடியவில்லை, அதனால் தப்பித்தது.

மூன்றாவது முறை தேதிக்கு முன்னால், ஊன்றுகட்டை பிடித்து நடக்கப் பழகுவதற்காக என்னை உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கக்கத்தில் வைத்து நடக்கும் அந்தக் கட்டைகளைப் பிடிக்கக் கையில் பலம் வேண்டுமாம். அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், தலையில் முக்காடு, பேச்சில் கறார். என் கதையை முழுவதும் கேட்டாள். "நடங்க" என்று சொல்லாத முதல் ஆள் அவள்தான். அதற்காகவே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆண்ட்டி, ஒண்ணு இருக்கு. கையை இறுக்கிப் பிடிச்சு, அசையாம அப்படியே வச்சிருக்கிற பயிற்சி. கொஞ்ச வாரம் செஞ்சவங்களுக்கு பிரஷர் எறங்கியிருக்குன்னு சில பேர் எழுதியிருக்காங்க. உறுதின்னு நான் சொல்ல மாட்டேன். பெரிய டாக்டர்ங்க நெறைய பேர் இதை வேணாம்னுதான் சொல்வாங்க."

"ஏன் வேணாமாம்?"

"பிடிச்சிருக்கிற நேரத்துல பிரஷர் ஏறும். அது உண்மை. முழு பலத்தோட பிடிச்சா எக்கச்சக்கமா ஏறும். அதனால கொஞ்சமாத்தான் பிடிக்கணும்."

பழைய அழுத்தமானி ஒன்றை எடுத்தாள். கையில் கட்டும் பட்டையை உருளையாகச் சுருட்டி, நூலால் கட்டி, முள் இருபதில் நிற்கும் வரை காற்றடித்து என் கையில் கொடுத்தாள். முழு பலத்தோடு ஒரு முறை அழுத்தச் சொன்னாள். இருபது வருஷம் கத்தரிக்கோல் பிடித்த கை. முள் நூற்றெழுபதுக்குப் போனது. அவள் காகிதத்தில் கணக்குப் போட்டு, இருபதுக்கு மேல் ஏறிய நூற்றைம்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக நாற்பத்தைந்தைக் கூட்டி, அறுபத்தைந்தில், கண்ணாடிமேல் நகச்சாயத்தால் சிவப்புக் கோடு போட்டாள். அந்தக் கோட்டில் முள்ளை இரண்டு நிமிடம் நிறுத்த வேண்டும். பிறகு ஒரு நிமிடம் ஓய்வு, பிறகு அடுத்த கை. மொத்தம் நான்கு தடவை, வாரத்தில் மூன்று நாள். முதல் சில முறை அங்கேயே செய்யவைத்து, மறு கையில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது, விட்டதும் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் கருவியை வீட்டுக்குக் கொடுத்தாள்.

"மூச்சை மட்டும் அடக்காதீங்க. அதான் ஆபத்து. வாய்விட்டு எதையாவது சொல்லிக்கிட்டே பிடிங்க."

நான் கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண். வாய்விட்டுச் சொல்ல எனக்கு மரியன்னை ஜெபம் இருந்தது. நிதானமாகச் சொன்னால் எட்டு ஜெபத்துக்கு இரண்டு நிமிடம். பக்கத்து வீட்டுக்காரி, இடுப்பு வலியால் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று எங்கள் பங்குக் கோவில் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

முதல் நிமிடம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது நிமிடத்தில் முன்னங்கை எரிய ஆரம்பிக்கும், முள் நடுங்கும், அது கோட்டுக்குக் கீழே நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் கணவர் எதிரே உட்கார்ந்து சிரிப்பார்.

"உக்காந்த எடத்துல பிரஷர் எறங்குமா? அப்ப நான் எதுக்கு வேர்த்து வடியறேன்?"

"உங்க வாயை அரை மணி நேரம் நடக்க விடுங்க, ஊரே சுத்திடும்" என்றேன்.

முதல் மூன்று வாரம் எதுவும் அசையவில்லை. நான் தினமும் செய்கிறேன் என்றேன், கூடாது என்றாள் பயிற்சி கொடுத்த பெண். கோட்டைத் தாண்டிப் பிடிக்கிறேன் என்றேன். கருவியைப் பிடுங்கிக்கொள்வேன் என்றாள். ஐந்தாவது வாரம் எண் கொஞ்சம் இறங்கியது. எட்டாவது வாரம் என் மேல் எண் கணவருடைய எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மாத்திரை அதே மாத்திரை, உப்பு அதே உப்பு. அவருக்கு நடை கொடுத்த மற்றவை எனக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. என் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை, நாலு படி ஏறினால் அதே இளைப்புதான்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனை நாளில்தான் நான் அந்த மடத்தனத்தைச் செய்தேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. மூன்றாவது முறையும் அனுப்பிவிட்டால்? இறக்கிக்கொடுத்தது இந்தக் கைதானே, இன்னும் கொஞ்சம் இறக்கட்டும் என்று கைக்குட்டையைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்து இடது கையால் பிடிக்க ஆரம்பித்தேன். தாதி வலது கையில் பட்டையைக் கட்டியபோதும் விடவில்லை. கோடு இல்லை, முள் இல்லை. இருந்த பலத்தையெல்லாம் போட்டுப் பிடித்தேன். ஜெபத்தையும் வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, பல்லைக் கடித்து மூச்சை அடக்கிக்கொண்டேன்.

தாதி எண்ணைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மயக்க மருந்து டாக்டர் வந்து பார்த்து, முடியாது என்று தலையாட்டிவிட்டுப் போனார். மூன்றாவது முறையும் திருப்பி அனுப்பினார்கள்.

நேரே பயிற்சி கொடுத்த பெண்ணிடம் போய்க் கத்தினேன். உன் பயிற்சியும் வேண்டாம், உன் கோடும் வேண்டாம் என்றேன். அவள் அமைதியாக, "டெஸ்ட் பண்ணும்போது என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். பதிலுக்கு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பிடிக்கும்போது ஏறும்னு எத்தனை தடவை சொன்னேன்? அன்னைக்கு பிடிச்சா அன்னைக்கு எறங்காது ஆண்ட்டி! வாரக்கணக்கா செஞ்சதுக்குத்தான் எறங்கும்!"

கால் மணி நேரம் பேசாமல் உட்காரவைத்து, கையைத் தளர்த்தி மேசைமேல் வைக்கச் சொல்லி, அவளே அளந்தாள். எண் இறங்கித்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனையில் கையை மலர்த்திவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேதி கிடைத்தது. மூட்டு மாற்றினார்கள்.

ஆனால் அந்தப் பெண் ஒன்று கேட்டுக்கொண்டாள். "டாக்டர்கிட்ட இதைப் பத்திப் பேச வேணாம் ஆண்ட்டி. நான் ஊன்றுகட்டை பிடிக்கத்தான் கைக்குப் பயிற்சின்னு எழுதியிருக்கேன். பிரஷருக்குன்னு தெரிஞ்சா என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க." சரி என்றேன்.

படுத்திருந்த வாரங்களில் பயிற்சியை விட்டேன். எண் மெல்ல ஏறியது. மறுபடி பிடித்தேன், மறுபடி இறங்கியது. அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம் கழித்து எலும்பு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அறையில் ஓரமாக இன்னொரு பெண், என் வயதுதான், கைத்தடியோடு முறைக்குக் காத்திருந்தாள். டாக்டர் என் அட்டையைப் புரட்டினார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடியே பிரஷர் நல்லா எறங்கிடுச்சே. நான் சொன்னபடி நடந்தீங்கல்ல?"

உண்மை வாய்வரை வந்தது. பயிற்சி கொடுத்த பெண்ணிடம் சொன்ன வாக்கு நினைவுக்கு வந்தது.

"ஆமா டாக்டர்" என்றேன்.

அவர் அதை அட்டையில் எழுதினார். எழுதிவிட்டு ஓரத்தில் இருந்தவளைப் பார்த்தார்.

"பாத்தீங்களா? இவங்களுக்கும் உங்க இடுப்புதான். நடந்தே கொறைச்சிருக்காங்க. நீங்க வலி வலின்னு சாக்கு சொல்றீங்க."

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து வெளியே வந்தேன். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் பெரியது. ஒன்றரை வருஷம் என்னை அறுத்த சொல்லை, நானே தீட்டி இன்னொருத்தி கழுத்தில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

சற்று நேரத்தில் அவளும் வெளியே வந்தாள். ஒரு காலை இழுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றாள். அவளுக்கு என்மேல் கோபமே இல்லை.

"அக்கா, இந்த இடுப்ப வச்சுக்கிட்டு எப்படிக்கா நடந்தீங்க? நான் முயற்சி பண்ணிப் பண்ணி அழுதுட்டேன்."

டாக்டர் அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

"நான் ஒரு நாள்கூட நடக்கலைம்மா" என்றேன், சத்தமாகவே. "இப்ப உள்ள சொன்னது பொய்."