இராகுகாலம் தப்பிய நேர்முகம்

எங்கள் முதலாளிக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அமெரிக்காவில் இரண்டு வருடம் இருந்தவர் என்பதை வேலைக்கு வருகிறவர்களிடம் முதல்நாளே சொல்லிவிடுவார். மருதனார்மடச் சந்தியில் ஒரு கடையின் மேல்மாடிதான் அலுவலகம். வெளிநாட்டுக் கம்பனிகளின் வாடிக்கையாளர்களுக்கு அங்கிருந்து பதில் எழுதிக் கொடுப்போம். கூட்டங்களுக்கு நேரம் குறிப்பது என் வேலை. பஞ்சாங்கம் பார்ப்பது அவருடையது.

காங்கேசன்துறையிலிருந்து ஒரு பிள்ளை மூன்று மாதமாகப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். கலிபோர்னியாக் கம்பனி ஒன்று நேர்முகம் வைத்து ஓம் என்றால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். ஏப்ரல் கடைசியில் அவர்களுடைய மின்னஞ்சல் வந்தது: 05/07, கலிபோர்னியா நேரம் மாலை ஏழு மணி.

முதலாளி யூலை ஐந்து என்றார். கலண்டரைப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை.

"அண்ணை, உவங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வாங்களோ?"

"அமெரிக்காவைப் பற்றி எனக்குச் சொல்லித் தாறீரோ?"

யூலை ஐந்து என்றே குறித்துக்கொண்டேன். அவருடைய கவலை வேறு. அங்கே ஞாயிறு மாலை ஏழு என்றால் இங்கே திங்கள் காலை ஏழரை. திங்கட்கிழமை ஏழரைக்கு இராகுகாலம் பிடிக்கிறது! அரை மணித்தியாலம் முந்த முடியுமா என்று கேட்டு எழுதச் சொன்னார். முடியும், ஆறரைக்குச் சந்திப்போம் என்று பதில் வந்தது. திகதியைப் பற்றி அவர்களும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இராகுவையே ஏமாற்றிவிட்டவர்போல முதலாளி தேநீர் வரவழைத்துக் குடித்தார்.

அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அது மே ஏழு, வியாழன். எங்களுக்கு மே எட்டு, வெள்ளி காலை ஏழு மணி. வெள்ளியில் இராகுகாலம் பத்தரைக்குத்தான். நேரத்தை மாற்றவே தேவையில்லை. இரண்டு வருடம் அங்கே இருந்து இந்த மனுசன் எதைத்தான் பார்த்தாரோ.

அந்த வெள்ளி காலை ஒன்பதரைக்கு அலுவலகத்துக்குப் போய் மின்னஞ்சலைத் திறந்தேன். இருபது நிமிடம் காத்திருந்தார்களாம், ஆள் வரவில்லையாம், வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். விளக்கி எழுதினேன். மன்னிக்கவும், இடம் நிரம்பிவிட்டது என்று ஒற்றை வரி வந்தது. முதலாளி பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, பிள்ளைக்கு இப்போது காலம் சரியில்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளிடம் சொல்லும் வேலையையும் என் தலையில்தான் கட்டினார். நடந்ததை எல்லாம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையைக் கண்டதையும் சேர்த்து. அவரைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அக்கா, அண்டைக்கே ஒரு வரி எழுதி எந்த மாசம் எண்டு கேட்டிருக்கலாமே," என்றாள்.

அரை மணித்தியாலம் முந்தச் சொல்லி அவர்களுக்கு எழுதியதே நான்தான்.