பதிவில் காலியாகக் கிடந்த இரண்டு நிமிடம்

மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடியோ நிலையம் மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓடியது. எண்ணெயை வீணாக்க முடியாது. அதனால் பேட்டியில் பேசியதை நேரம் குறித்து எழுதிய படியை முதலில் வாசித்து, துண்டாக வெட்டத்தக்க வசனங்களைக் கோடிடுவேன். அலுத்துப்போன வேலை.

கணவன் கடலிலிருந்து திரும்பாத ஒரு குருநகர்ப் பெண்ணின் பேட்டி. "கடல் எண்டா எங்களுக்குப் பயமில்லை." பன்னிரண்டாம் நிமிடம். கோடிட்டேன். அடுத்த வசனம் பதினான்கில்தான் இருந்தது. எழுதினவன் தூங்கிவிட்டான் என்று எரிந்து விழுந்தேன்.

எஞ்சினைப் போட்டு நாடாவை ஓட்டினோம். அந்த வசனத்தைச் சொன்னவள் பிறகு இரண்டு நிமிடமும் பேசாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வசனம் முடிஞ்ச உடனை வெட்டுவமோ?" என்றார் தொகுக்கும் அண்ணை.

"வேண்டாம் அண்ணை. அவ இஞ்சாலை திரும்பட்டும்."

அவள் திரும்புமுன் எண்ணெய் தீர்ந்து திரை இருண்டது.